இன்ஹேலர் இழுத்தவுடன் வாய் கொப்பளியுங்கள்

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்து வந்த ஓர் அம்மாவுக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் போல வெள்ளைப் படலம் படிந்தது. துடைத்தால் அடியில் சிவந்து எரிந்தது. "மருந்துச் சூடுதான்" என்று தாமாகவே இன்ஹேலரை நிறுத்திவிட்டார். சில நாளில் இழுப்பு திரும்பிவிட்டது.

இது சூடு அல்ல, காளான். இழுக்கும் மருந்தில் ஒரு பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கி, அங்குள்ள எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. வாயில் சாதாரணமாக இருக்கும் காளான் அப்போது பெருகுகிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் மருந்து இழுத்தவுடன் தண்ணீரால் வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்கிடாதீங்க. பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள்.

ஸ்பிரே இன்ஹேலரை ஸ்பேசர் மாட்டி இழுத்தால் வாயில் தங்கும் மருந்து குறையும். வாரம் ஒருமுறை ஸ்பேசரைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். வாய் வைக்கும் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் படலம் கண்டால் இன்ஹேலரை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த அம்மாவுக்கு வாயில் விடும் காளான் மருந்திலேயே குணமாகிவிட்டது. விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் அன்றே போங்கள். காளான் உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம்.