ஆறு ஷாஃப்ட்டின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

லேத்தில் கடையும் ஷாஃப்ட்டின் விட்டம் 25.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு ஷிப்டின் உற்பத்தியில் அங்கங்கே ஆறை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.02, 25.01, 25.04, 25.00, 25.03, 25.02 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 25.02. லேத்தின் செட்டிங் நகர்ந்துவிட்டதா, இல்லை நம் கைக்கு வந்த ஆறும் தற்செயலாகச் சற்றுப் பெருத்தவையா? தற்செயலான ஏற்ற இறக்கத்தைத் துரத்திக்கொண்டு டூலை நகர்த்தினால் அளவு இன்னும் அதிகமாகத்தான் அலையும். அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில், அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். இங்கே திட்டவிலக்கம் 0.014. அதை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.0058. சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதற்கு இதுதான் அளவுகோல்.

நிறைய அளவுகள் இருந்தால் இதை 1.96ஆல் பெருக்கி 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைச் சொல்லிவிடலாம். ஆறே அளவுகள் இருக்கும்போது அது ஆபத்து. சிதறலையே அந்த ஆறை வைத்துத்தான் ஊகித்திருக்கிறோம், அந்த ஊகமும் தப்பலாம். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் இந்தச் சிக்கலுக்கு விடை கண்டு, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த டி-அட்டவணையில் ஆறு அளவுகளுக்கு உரிய எண் 2.571. பெருக்கினால் 0.015. ஆக, உண்மைச் சராசரி 25.005க்கும் 25.035க்கும் இடையில் இருக்கும் என்கிறோம். இப்படிக் கணக்கிடும் இடைவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையைப் பிடித்துவிடும். அந்த 95க்கு அவ்வளவுதான் பொருள்.

கருதுகோள் சோதனை இதையே வேறு பக்கத்திலிருந்து கேட்கிறது. உண்மைச் சராசரி 25.00தான் என்று வைத்துக்கொண்டால், 0.02 வித்தியாசம் எத்தனை மடங்கு? 0.02ஐ 0.0058ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.46. இது 2.571ஐத் தாண்டிவிட்டது; தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 25.00 அந்த இடைவெளிக்கு வெளியே நிற்பதும் இதனால்தான்.

இந்த இடைவெளி சராசரிக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஷாஃப்ட்டும் இதற்குள் அடங்கும் என்று நினைப்பது பெரிய தவறு. நாம் அளந்த 25.04ஏ வெளியே இருக்கிறதே! ஒரே ஷாஃப்ட்டை ஆறு தடவை அளந்து இந்தக் கணக்கைப் போட்டாலும் பயனில்லை, அப்போது தெரிவது அளப்பவரின் கைநிதானம்தான். அளவுகள் சராசரியின் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறியிருக்க வேண்டும் என்பதும் அவசியம். ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் முதலில் அதை மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

எந்த அட்டவணையாலும் பிடிக்க முடியாத பிழையும் ஒன்று உண்டு. மைக்ரோமீட்டரே 0.02 கூட்டிக் காட்டினால் ஆறு அளவும் ஒன்றாக நகரும், சிதறல் மாறாது, சோதனையும் இதே விடையைத்தான் தரும். அதனால் லேத்தில் கைவைப்பதற்கு முன், 25-50 மைக்ரோமீட்டருடன் வரும் 25 மில்லிமீட்டர் செட்டிங் ஸ்டாண்டர்டை வைத்துப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.