எழுத்துப்படி இல்லாத, ஒலி கேட்காத ஒலிப்பதிவு

ஊர் வரலாறு, வாய்மொழிப் பாடல், பழைய கூட்டப் பேச்சு போன்றவற்றைத் தொகுப்போரிடம் ஒரு குறிப்புத் தாளோடு ஒலிக்கோப்பும் வந்து சேர்வது வழக்கம். பேச்சை எழுதி வைத்த படி உடன் இருக்காது. கோப்பைத் திறந்தால் நேரம் மட்டும் ஓடும், ஒலி வராது. சில சமயம் திறக்கவே திறக்காது. அத்தகைய பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், அதைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குகிறது.

"கேட்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. வந்தது ஒலிக்கோப்பே அல்லாமல் இருக்கலாம். ஒலிக்கோப்புதான், ஆனால் பாதியில் முறிந்ததாக இருக்கலாம். முழுமையான கோப்பில் எதுவுமே பதியாமல் இருக்கலாம். எல்லாம் நன்றாகப் பதிந்திருந்தும் நம் கருவியில் மட்டும் ஒலிக்காமல் இருக்கலாம். கடைசி வகையை மூன்றாவது வகை என்று எண்ணி அழித்துவிடுவதுதான் இதில் பெரிய இழப்பு. ஆகவே எந்த நிலை என்று தெரியும் வரை வந்த கோப்பைத் தொடக்கூடாது. அதைப் படி எடுத்து, படியில்தான் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டு

ஒரு கிராமத்துக் கூட்டத்தில் ஏரிக் குடிமராமத்து பற்றி முதியவர் ஒருவர் பேசுகிறார். எந்த மதகை யார் பராமரித்தார்கள், கரை உடைந்தபோது வீட்டுக்கு எத்தனை ஆள் வந்தார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருந்த செய்திகள். ஒலிபெருக்கி வைத்தவரின் மிக்சரிலிருந்து கேபிள் இழுத்து, கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றில் பேச்சைப் பிடித்திருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து முதியவர் காலமானார். இப்போது தொகுப்பாளரிடம் இருப்பது ஒரு பக்கக் குறிப்பும் REC0007.WAV என்ற கோப்பும்தான். கைபேசியில் போட்டால் 38 நிமிடமும் மௌனம்.

"அவர் என்ன பேசியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியாதா, நாங்கள் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஊரார் முன்வருவார்கள். எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது அவர்களுடைய சாட்சியமாகத்தான் பதிவாக வேண்டும். அதை இந்தக் கோப்பின் எழுத்துப்படி என்று இணைத்துவிட்டால், பிறகு ஒருநாள் உண்மையான பேச்சு கேட்கக் கிடைக்கும்போது இரண்டில் எது சரி என்ற வழக்கு எழும்.

முதல் எழுத்துகளும் அளவும்

கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள ஒட்டை நம்பக்கூடாது. அதை யாரும் மாற்றிவிட முடியும். கோப்பின் தொடக்க எழுத்துகள் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

```
head -c 16 REC0007.WAV | xxd
```

RIFF என்றும் சற்றுத் தள்ளி WAVE என்றும் தெரிந்தால் அது வேவ் கோப்பு. #!AMR என்று தொடங்கினால் பழைய கைபேசிகளின் பதிவு. OggS என்றால் ஆக் வகை. `<!DOCTYPE html` என்று இருந்தால் வந்தது ஒலியே அல்ல. பதிவிறக்கும்போது ஒலிக்குப் பதிலாகக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவரிடம் மீண்டும் கேட்டால் போதும். இது அடிக்கடி நடப்பது. சில கிலோபைட் அளவே உள்ள "ஒரு மணி நேரப் பேச்சு" வந்தால் முதலில் இதைத்தான் ஐயப்பட வேண்டும்.

அடுத்து அளவு. நமது கோப்பு 402192044 பைட். சுருக்கப்படாத வேவ் கோப்பில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 2 பைட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்றால் நொடிக்கு 1,76,400 பைட் ஆகிறது. தலைப்புப் பகுதிக்கு 44 பைட்டைக் கழித்து, மீதியை இதால் வகுத்தால் 2,280 நொடி, அதாவது 38 நிமிடம். கைபேசி காட்டும் நேரத்தோடு இது ஒத்துப்போகிறது. கோப்பு முறியவில்லை.

ஒத்துப்போகாவிட்டால்? பதிவின் நடுவே மின்கலம் தீர்ந்திருந்தால், தலைப்பில் நீளத்தை எழுதி முடிக்காமலே கருவி அணைந்திருக்கும். கோப்பு பெரிதாக இருக்கும், நேரம் சுழியம் என்று காட்டும். ஆடாசிட்டி செயலியில் Import என்பதன் கீழுள்ள Raw Data வழியாக அதைத் திறந்து, 16 பிட், இரண்டு தடம், 44100 என்று நாமே சொல்லிக் கொடுத்தால் பேச்சு பெரும்பாலும் மீண்டு வரும். அந்த எண்களைத் தவறாகக் கொடுத்தால் வேகம் மாறிவிடும். இரண்டு தடத்தை ஒன்று என்று சொன்னால் பேச்சு பாதி வேகத்தில் இழுபடும்.

வேகம் மாறினால் பேசுபவரே மாறிவிடுவார் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. பிரான்சின் எத்துவார்-லியோன் ஸ்கோட் 1860 ஏப்ரல் 9 அன்று புகை படிந்த தாளில் ஒரு பாடலை அலைக்கோடாக வரைந்து வைத்தார். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் வழி அன்று இல்லை. 2008இல் ஆய்வாளர்கள் கணினி வழியே அதை ஒலிக்கச் செய்தபோது பெண் அல்லது சிறுமி பாடுவதாகத் தோன்றியது. மறு ஆண்டு வேகத்தைத் திருத்திக் கேட்டால், மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல். ஸ்கோட்டே பாடியிருக்கலாம் என்று கருதுகின்றனர்.

உள்ளே ஒலி இருக்கிறதா?

இதை அறியக் காது தேவையில்லை. என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு வசதிதான். ffmpeg என்ற இலவசக் கருவி ஒலியின் அளவை எண்ணாகவே சொல்லும்.

```
ffmpeg -i REC0007.WAV -af volumedetect -f null -
```

வரும் விடையில் mean_volume என்பது சராசரி, max_volume என்பது உச்சம். இரண்டுமே -91.0 dB என்று வந்தால், 16 பிட் கோப்பில் அதற்குப் பொருள் எல்லா எண்ணும் சுழியம் என்பதே. ஒலிவாங்கி சரியாக வேலை செய்யாவிட்டாலும் மின்சுற்றின் மெல்லிய இரைச்சல் கொஞ்சம் பதியத்தான் செய்யும். முழுச் சுழியத்தில் அதுகூட இல்லை. அதிலிருந்து எந்த மென்பொருளாலும் பேச்சை வரவழைக்க முடியாது. அங்கே தேடலை நிறுத்திவிட்டு, வேறு யாராவது அதே கூட்டத்தைப் பதிவு செய்தார்களா என்று விசாரிப்பதே வேலை.

நமது கோப்பில் சராசரி -27.4 என்று வருகிறது என்று கொள்வோம். இது சாதாரணப் பேச்சின் அளவு. உள்ளே தாராளமாக ஒலி இருக்கிறது, கைபேசியில்தான் வரவில்லை.

காரணம் அந்த மிக்சர் கேபிளில் இருக்கக்கூடும். பல மிக்சர்கள் தொலைதூரக் கேபிளில் இரைச்சல் ஏறாமலிருக்க ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் அனுப்பும். அவ்விரண்டையும் சரியாகச் சேர்க்கும் உள்ளீடு பதிவுக் கருவியில் இருக்க வேண்டும். அதற்குப் பதில் சாதாரண ஸ்டீரியோ துளையில் செருகிவிட்டால் நேரானது இடத் தடத்திலும் தலைகீழானது வலத் தடத்திலும் பதிந்துவிடும். ஒரு கணத்தில் இடத்தில் 300 என்றால் வலத்தில் -300. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைபேசி இரண்டையும் கூட்டித்தான் ஒலிக்கும், கூட்டினால் சுழியம். அதனால்தான் மௌனம்.

இதை உறுதி செய்ய, இரு தடத்தையும் கூட்டிய பின் அளந்து பார்க்கலாம்.

```
ffmpeg -i REC0007.WAV -af "pan=mono|c0=0.5*c0+0.5*c1,volumedetect" -f null -
```

சராசரி -27 இலிருந்து -65க்கும் கீழே சரிந்தால் ஐயம் உறுதியாகிறது. இரண்டு தடத்திலும் ஒரே பேச்சு சாதாரணமாகப் பதிந்திருந்தால் இந்த எண் அதிகம் மாறாது. கட்டளை எழுதத் தயங்குவோர் ஆடாசிட்டியில் திறந்து அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மேல் தடத்தில் மேடு இருக்கும் இடத்தில் கீழ்த் தடத்தில் பள்ளம் இருக்கும், குளத்து நீரில் மரம் தலைகீழாகத் தெரிவது போல. இதைவிட எளிய சோதனையும் உண்டு: இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேட்பது.

மருந்து ஒரே வரி. இடத் தடத்தை மட்டும் தனிக் கோப்பாக எடுத்தால் போதும்.

```
ffmpeg -i REC0007.WAV -af "pan=mono|c0=c0" idam.wav
```

ஆடாசிட்டியில் Split Stereo to Mono என்பதைத் தேர்ந்து கீழ்த் தடத்தை நீக்கினாலும் இதே பலன். எதுவும் இழக்கப்படவில்லை; இரண்டு தடத்திலும் இருந்தது ஒரே பேச்சு.

கேட்க முடியாமலே போனால்

ஒலி இருக்கிறது, ஆனால் இரைச்சலில் மூழ்கிவிட்டது, அல்லது கேட்டு எழுத ஆள் இல்லை என்ற நிலையிலும் கோப்பு பயனற்றதல்ல. நிறமாலைப் படத்தை வரைந்து பார்த்தால் பேச்சு வளைந்து நெளியும் அடுக்குக் கோடுகளாகவும், மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அசையாத நேர்கோடுகளாகவும் தெரியும். எந்த நிமிடத்தில் பேச்சு, எங்கே இடைவெளி என்று குறித்து வைத்தால் பின்னால் கேட்பவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். என்ன சொல் பேசப்பட்டது, பேசியவர் யார் என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முயலக்கூடாது.

பட்டியலில் எழுதத்தக்கவை கோப்பின் வகை, அளவு, நீளம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்பவை. குறிப்புத் தாளில் உள்ள பெயரும் பொருளும் "அனுப்பியவர் குறிப்பின்படி" என்ற சொற்களோடு மட்டுமே வர வேண்டும். கோப்பின் தேதியைப் பதிவு நாள் என்று எடுத்துக்கொள்ளலாகாது. படி எடுக்கும்போது அது மாறியிருக்கலாம், கடிகாரம் வைக்கப்படாத கருவி தன் தொழிற்சாலைத் தேதியையே போட்டிருக்கலாம். முடிவில் "இன்று வரை கேட்கப்படவில்லை" என்று காரணத்தோடும் நாளோடும் எழுதி வைக்க வேண்டும்.

நமது எடுத்துக்காட்டின் பதிவு இப்படி அமையும்: "வேவ் கோப்பு, 38 நிமிடம், இரு தடம், வலத் தடம் தலைகீழ். மூலக் கோப்பு மாற்றப்படவில்லை. இடத் தடம் தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டது. பேசுபவர் பெயர் அனுப்பியவர் குறிப்பின்படி. குரல் அறிந்த உறவினர் உறுதி செய்ய வேண்டும்." அதன் பிறகு எழுத்துப்படி தொடங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தைக் குறித்துக்கொண்டு, புரியாத இடங்களை ஊகித்து நிரப்பாமல் [12:40 தெளிவில்லை] என்று விட்டுச் செல்ல வேண்டும். மதகின் பெயரோ குடும்பப் பெயரோ அந்த இடத்தில்தான் இருக்கும். ஊர்க்காரர் ஒருவரை அருகில் உட்கார வைத்து அந்த நொடிகளை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.