ஒரு கூட்டம், இரண்டு எண்கள்

ஒரு தீவில் கூடுகட்டும் பறவைகளை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கூட்டம்தான்; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக நானே எண்களைப் பொறுக்கியிருக்கிறேன். பெண் பறவைகளை மட்டும் எண்ணுவோம். தொடக்கத்தில் 100 வளர்ந்த பறவைகள் இருக்கின்றன, குஞ்சு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டு எண்ணினால் மொத்தம் 240. அதற்கடுத்த ஆண்டும் அதே 240. பிறகு 307, அப்புறம் 361.

இந்தக் கூட்டம் என்ன வேகத்தில் பெருகுகிறது? முதல் ஆண்டை மட்டும் பார்த்தவர் 140 சதவீதம் என்பார். இரண்டாம் ஆண்டில் வந்தவர் வளர்ச்சியே இல்லை என்பார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 28, 17.5 என்று வருகிறது. உண்மையில் இந்தக் கூட்டத்தின் வேகம் ஆண்டுக்கு 20 சதவீதம். மேலே உள்ள எந்த ஆண்டிலும் அந்த எண் இல்லை. அதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் ஐகன் மதிப்பு.

எண்ணிக்கை இப்படி ஆட்டம் போட்டாலும், அதன் பின்னால் இருக்கும் விதிகள் மாறவே இல்லை. வளர்ந்த பறவை ஒவ்வொன்றும் அடுத்த கணக்கெடுப்புக்குள் சராசரியாக 1.6 பெண் குஞ்சுகளைத் தருகிறது. குஞ்சுகளில் 30 சதவீதம் பிழைத்து வளர்ந்த பறவை ஆகின்றன. வளர்ந்தவற்றில் 80 சதவீதம் அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கின்றன. இந்த மூன்றையும் இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணியாக எழுதலாம்:

```
0     1.6
0.3   0.8
```

மேல் நிரை அடுத்த ஆண்டின் குஞ்சுகளைச் சொல்கிறது, கீழ் நிரை அடுத்த ஆண்டின் வளர்ந்த பறவைகளை. இந்த ஆண்டுக் குஞ்சுகள் x, வளர்ந்தவை y என்றால் அடுத்த ஆண்டு குஞ்சுகள் 1.6y, வளர்ந்தவை 0.3x + 0.8y. தொடக்கத்தின் (0, 100) இப்படித்தான் (160, 80) ஆகிறது. அது (128, 112) ஆகிறது. மொத்தம் இரண்டிலும் 240.

எண்ணிக்கை ஏன் தாறுமாறாகப் போகிறது என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது. குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும் உள்ள விகிதம் ஆண்டுக்காண்டு மாறுகிறது. அப்படியானால் விகிதம் மாறவே மாறாத ஒரு கலவை உண்டா? அந்தக் கலவையில் தொடங்கினால், ஓர் ஆண்டு கழித்து குஞ்சுகளும் வளர்ந்தவையும் ஒரே மடங்கில் பெருகியிருக்க வேண்டும். அந்த மடங்கை λ என்று குறிப்பார்கள். லாம்டா என்று படிக்க வேண்டும். அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு, அந்தக் கலவைதான் ஐகன் வெக்டர். தேவை இவ்வளவுதான்:

```
1.6y = λx
0.3x + 0.8y = λy
```

x, y இரண்டும் பூச்சியம் என்றால் இது எப்போதும் பொருந்தும். பறவையே இல்லாத தீவில் விகிதம் மாறாதுதான், ஆனால் அந்த விடையால் பயனில்லை. λ-க்கு ஏதோ ஓர் எண்ணைப் போட்டாலும் பூச்சியத்தைத் தவிர வேறு விடை கிடைக்காது. 1.5 என்று போட்டுப் பாருங்கள். முதல் சமன்பாடு x : y என்பதை 16 : 15 என்கிறது, இரண்டாவது 7 : 3 என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டு சமன்பாடுகளும் ஒரே விகிதத்தைச் சொல்லும்படியான λ எது என்பதுதான் கேள்வி.

முதல் சமன்பாட்டிலிருந்து x = 1.6y/λ. இதை இரண்டாவதில் போட்டு y-ஐ அடித்துவிட்டால் 0.48/λ + 0.8 = λ என்று வரும். λ-ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால்:

```
λ² − 0.8λ − 0.48 = 0
```

பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடுதான். தீர்த்தால் λ = 1.2 அல்லது λ = −0.4.

ஒவ்வொரு முறையும் இப்படிப் பிரதியிட வேண்டியதில்லை. 0.8 என்பது அணியின் முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள 0, 0.8 ஆகியவற்றின் கூட்டல். −0.48 என்பது அணிக்கோவை, அதாவது 0 × 0.8 − 1.6 × 0.3. எந்த 2 × 2 அணிக்கும் λ² − (மூலைவிட்டக் கூட்டல்)λ + அணிக்கோவை = 0 என்று நேரடியாக எழுதிவிடலாம். கணக்கைச் சரிபார்க்கவும் இதுவே வழி. கிடைத்த இரு விடைகளையும் கூட்டினால் மூலைவிட்டக் கூட்டல் வர வேண்டும், பெருக்கினால் அணிக்கோவை வர வேண்டும். 1.2 − 0.4 = 0.8, 1.2 × (−0.4) = −0.48. சரியாக இருக்கிறது.

இனி கலவை. λ = 1.2 என்றால் முதல் சமன்பாடு 1.6y = 1.2x, அதாவது x : y = 4 : 3. இரண்டாவதும் 0.3x = 0.4y, அதே 4 : 3. இந்த ஒற்றுமை கட்டாயம் வர வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் ஒரு சமன்பாட்டை மட்டும் பார்த்து விடை எழுதிவிடுவார்கள். மற்றதையும் பார்த்தால், λ தப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். (4, 3) என்றாலும் (400, 300) என்றாலும் ஒன்றுதான், விகிதம்தான் முக்கியம். 400 குஞ்சுகளும் 300 வளர்ந்தவையும் இருந்தால் அடுத்த ஆண்டு 480, 360. இரண்டும் சரியாக 20 சதவீதம் கூடுகின்றன.

λ = −0.4 என்பதற்கு இதே வழியில் (4, −1) கிடைக்கிறது. மைனஸ் ஒரு பறவை என்று எதுவும் கிடையாதே என்று தோன்றலாம். இதைப் பறவைகளாகப் பார்க்காமல், சரியான கலவையிலிருந்து கூட்டம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதாகப் பார்க்க வேண்டும். நம் தொடக்கமான (0, 100) என்பதை (100, 75), (−100, 25) என்ற இரண்டின் கூட்டலாக எழுதலாம். முதலாவது 4 : 3 கலவை. இரண்டாவது விலகல்: குஞ்சில் 100 குறை, வளர்ந்ததில் 25 மிகுதி. ஓர் ஆண்டில் கலவை 1.2 மடங்காகி (120, 90) ஆகிறது. விலகல் −0.4 மடங்காகி (40, −10) ஆகிறது. குறை மிகையாகவும் மிகை குறையாகவும் புரண்டுவிட்டது, அளவும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டையும் கூட்டினால் (160, 80), நாம் எண்ணிய அதே எண்கள். ஒரு பெரிய ஆண்டு, ஒரு மந்தமான ஆண்டு என்று மாறி மாறி வந்ததன் காரணம் அந்த மைனஸ் குறிதான்.

பத்தாம் ஆண்டில் விலகல் ஒரு பறவை அளவுக்குக்கூட இருக்காது. 100, 75 இரண்டையும் 1.2-இன் பத்தாம் அடுக்கால் பெருக்கினால் போதும்: ஏறக்குறைய 619 குஞ்சுகள், 464 வளர்ந்தவை. பத்து முறை அணியைப் பெருக்க வேண்டிய வேலை மிச்சம்.

100 வளர்ந்த பறவைகளுக்குப் பதிலாக 100 குஞ்சுகளை வைத்துத் தொடங்கியிருந்தால்? (100, 0) என்பதைப் பிரித்தால் கலவைப் பங்கு (25, 18.75) மட்டுமே வருகிறது, முன்பு கிடைத்ததில் கால்வாசி. வேகம் அதே 20 சதவீதம்தான். ஆனால் நீண்ட காலக் கணக்கில் இந்தத் தீவில் ஒரு வளர்ந்த பறவைக்கு நான்கு குஞ்சுகள் சமம்.

எல்லா அணியும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. எல்லாவற்றையும் 90 பாகை திருப்பும் அணியில் எந்தத் திசையும் தன் கோட்டில் நிற்காது. இருபடிச் சமன்பாட்டில் மூலக்குறிக்குள் எதிர்மம் வந்து அதைச் சொல்லிவிடும். சில அணிகளில் இரு விடைகளும் ஒன்றாகி, ஒரே ஒரு திசைதான் கிடைக்கும்; அப்போது மேலே செய்த பிரிப்பு நடக்காது. உயிரினக் கணக்கில் வரும் 2 × 2 அணிகளில் எதிர்ம எண்களே இல்லாததால், மூலக்குறித் தொல்லை அங்கே வராது. ஆனால் விதிகள் மாறாதவரைதான் இந்தக் கணக்கு செல்லும். தீவில் இடமோ இரையோ தீர்ந்தால் 1.6, 0.3, 0.8 மூன்றுமே மாறிவிடும்.

வயது வாரியாக உயிர்த்தொகையை அணியில் எழுதும் முறையை பேட்ரிக் லெஸ்லி 1945-இல் ஒரு கட்டுரையில் விரிவாக வகுத்தார். 1987-இல் டெபோரா க்ரௌஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் அமெரிக்காவின் பெருந்தலைக் கடலாமைகளுக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். வாழ்வின் ஏழு கட்டங்கள், எனவே 7 × 7 அணி. பெரிய ஐகன் மதிப்பு 1-க்குக் கீழே இருந்தது, கூட்டம் தேய்ந்துகொண்டிருந்தது. அதுவரை பாதுகாப்பு முயற்சிகள் பெரும்பாலும் கடற்கரையில் முட்டைகளைக் காப்பதையே நம்பியிருந்தன. முட்டைகளும் குஞ்சுகளும் ஒன்று விடாமல் பிழைப்பதாக வைத்துக் கணக்கிட்டும் அந்த மதிப்பு 1-ஐ எட்டவில்லை. பெரிய இளம் ஆமைகள் சாவதைக் குறைத்தபோது எட்டியது. அந்த ஆமைகள் செத்துக்கொண்டிருந்தது இறால் பிடிக்கும் இழுவலைகளில். வலையின் கழுத்தில் கம்பித் தடுப்பு வைத்து, இறாலை உள்ளே விட்டு ஆமையை வெளியே தள்ளும் கருவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு கைகொடுத்தது.