கமிஷன் லிங்க்கோடு ஒரு மிக்ஸி ரிவ்யூ

பொருள்களைப் பரிசோதித்து எழுதும் பலருக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து வருவதில்லை, கட்டுரையில் இருக்கும் வாங்கும் லிங்க்கிலிருந்துதான் வருகிறது. இணையக் கடை ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஓர் அடையாளக் குறியைத் தருகிறது. அமேசானில் அது முகவரியின் கடைசியில் tag= என்ற சொல்லை அடுத்து வரும். இந்தியக் கணக்கு என்றால் பெரும்பாலும் -21 என்று முடியும். வாசகர் அந்த லிங்க்கைத் தட்டி 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் சேரும். எழுதிய பொருளை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கினாலும் பெரும்பாலும் கணக்கில் வரும். பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் பொய் எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. சாய்வு வேறு வழியாக வருகிறது. மிக்ஸியை எடுத்துக்கொள்வோம். 3,500 ரூபாய்க்கு ஒன்று, 6,500 ரூபாய்க்கு ஒன்று என இரண்டு மிக்ஸிகள். கமிஷன் 5 சதவீதம் என்று வைத்தால் முதலாவதில் 175 ரூபாய், இரண்டாவதில் 325 ரூபாய். நூறு பேர் வாங்கினால் வித்தியாசம் 15,000 ரூபாய். ‘விலை குறைந்ததே நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் போதும்’ என்ற ஒரு வாக்கியத்தின் விலை அது. ‘பழைய மிக்ஸியின் ஜாரை மட்டும் மாற்றுங்கள், புதிது வேண்டாம்’ என்று எழுதினால் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. தெருமுனைக் கடையில் மட்டும் கிடைக்கும் நல்ல மிக்ஸிக்கு லிங்க்கே கிடையாது. அதனால் அது ஒப்பீட்டுப் பட்டியலில் ஏறாமலே போய்விடும். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லாமலே வாசகர் தவறான பக்கம் அனுப்பப்படுவது இப்படித்தான்.

2011-இல் அமெரிக்காவில் தொடங்கி, 2016-இல் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிய ‘வயர்கட்டர்’ இந்த வகை வருமானத்தில் வளர்ந்த தளம். பொருளைத் தேர்ந்தெடுப்பவர்களையும் கமிஷன் பேசுபவர்களையும் பிரித்து வைப்பது அதன் வழக்கம். தனியாக எழுதுபவருக்கு அந்தப் பிரிவு சாத்தியமில்லை. ஆனால் வேலையின் வரிசையை மாற்றலாம். முதலில் பரிசோதனை, பிறகு எழுத்தில் தீர்ப்பு, கடைசியில்தான் லிங்க் தேடுவது. தீர்ப்பு எழுதும்வரை கமிஷன் அட்டவணையைத் திறக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. லிங்க் கிடைக்காத பொருளும் பட்டியலில் அதற்குரிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் மிக்ஸியே நல்ல உதாரணம். பெட்டியில் ‘750 வாட்’ என்று அச்சிட்டிருப்பதைத் திருப்பி எழுதுவதால் வாசகருக்குப் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அரை மூடித் தேங்காயைச் சின்ன ஜாரில் போட்டால் சட்னி அரைபடுகிறதா, சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றுகிறதா என்பது. இரண்டாவது பரீட்சை வடைக்கு உளுந்து. 200 கிராம் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்துத் தெளித்து அரைக்கும்போதுதான் மோட்டார் திணறுவது தெரியும். அரைப்பதற்கு முன்னும் பின்னும் மாவில் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் எவ்வளவு சூடேறுகிறது என்பதை எண்ணாகவே சொல்லலாம். அதிகச் சுமையில் மிக்ஸி தானாக நின்று, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகு ஓடினால் அதையும் எழுத வேண்டும். ஒப்பிடும் எல்லா மிக்ஸிக்கும் அதே உளுந்து, அதே அளவு, அதே நேரம் இருந்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

ஒரு வாரப் பரிசோதனைக்கு எட்டாத விஷயங்களும் இருக்கின்றன. கப்ளர் தேய்வது, ஜார் அடியில் புஷ் தளர்ந்து கறுப்புத் தண்ணீர் கசிவது, மூடியின் ரப்பர் இளகுவது எல்லாம் மாதக் கணக்கில் ஓடிய பிறகே தெரியவரும். மோட்டாருக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கப்ளரையும் ரப்பரையும் விலக்கிவைக்கும் அட்டைகளும் உண்டு. ஆகவே ‘நீடித்து உழைக்கும்’ என்று எழுதும் உரிமை ஒரு வாரம் பார்த்தவருக்கு இல்லை. ‘பதினைந்து நாள் தினமும் அரைத்துப் பார்த்தது, அதற்கு மேல் தெரியாது’ என்று எழுதுவதே உண்மை. வாசகர் ஒரு ரிவ்யூவை எடை போடவும் இதுவே எளிய வழி: எத்தனை நாள், எதை, எவ்வளவு அரைத்தார்கள் என்ற விவரம் இல்லாமல் வாட், ஜார் எண்ணிக்கை, நிறம் மட்டும் இருந்தால், எழுதியவர் பொருளைத் தொட்டே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கமிஷன் இருப்பதைச் சொல்வது நாகரிகம் மட்டுமல்ல, சட்டம் சார்ந்த விஷயமும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் இருக்கும் பணத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லக் கோருகின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் அது 50 லட்சம் வரை போகும்.

அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு. கட்டுரை முழுவதும் தமிழில் இருக்க, பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் ஆங்கில வரி கிடந்தால் வாசகரிடம் எதுவும் சொன்னதாகாது. முதல் லிங்க்குக்கு முன்பாக இப்படி எழுதினால் போதும்: ‘இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். அதனால் உங்களுக்கு விலை கூடாது. இந்த மிக்ஸியை எங்கள் பணத்தில் வாங்கினோம்.’ அமேசான் தன் பங்காளிகளிடம் கேட்கும் தனி வாசகத்தையும் கூடவே சேர்க்கலாம். நிறுவனம் இலவசமாக அனுப்பியதாக இருந்தால் கடைசி வாக்கியத்தில் அதைச் சொல்லி, பொருளைத் திருப்பித் தந்தார்களா, வைத்துக்கொண்டார்களா என்பதையும் எழுத வேண்டும். இலவசமாக வந்த மிக்ஸி கடையில் விற்பதைப் போன்றதுதானா என்ற கேள்வியும் உண்டு. அனுப்புபவர் நன்றாக ஓடுவதைப் பொறுக்கி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. கடையில் வாங்கிப் பார்ப்பதற்கு நிகராக அது ஆகாது.

விலை எழுதும்போது எச்சரிக்கை தேவை. இணையக் கடையில் விலை ஒரே நாளில் மாறும். அமேசானும் தன் பங்காளிகள் விலையைக் கையால் அடித்து வைப்பதை அனுமதிப்பதில்லை. ‘பாதி விலை, இன்று மட்டும்’ என்ற வரி அடுத்த வாரம் படிப்பவருக்குப் பொய்யாகிவிடும். விலையை விட்டுவிட்டு, எந்தத் தொகைக்கு மேல் போனால் இந்த மிக்ஸி வாங்கத் தகுதியில்லை என்று எழுதுவது நீண்ட நாள் பயன்படும்.

ரிவ்யூ வெளியானதோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து ஜார் கசியத் தொடங்கினால் தேதியோடு அதைக் கட்டுரையின் மேலேயே சேர்க்க வேண்டும். அடியில் சேர்த்தால் லிங்க்கைத் தட்டிவிட்டுப் போகிறவர் கண்ணில் படாது. பரிந்துரை மாறினால் பழைய தீர்ப்பைச் சத்தமில்லாமல் அழிக்காமல், ஏன் மாறியது என்று எழுதிவிட்டு லிங்க்கை எடுத்துவிட வேண்டும். நிறுவனம் அதே பெயரில் மோட்டாரையோ ஜாரையோ மாற்றியிருந்தால், பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைச் சரிபார்த்து, எந்த எண் கொண்ட மிக்ஸி சோதிக்கப்பட்டது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே குறிப்பிட வேண்டும்.