அடைப்புக்குறிக்குள் நிற்கும் மாவட்டங்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளைப் புரட்டினால் சில சதவீதங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில இடங்களில் எண்ணே இல்லாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் நிற்கும். அச்சுப் பிழை இல்லை. 25 முதல் 49 பேரை வைத்துக் கண்ட எண் அடைப்புக்குறிக்குள் போகும். 25-க்கும் கீழே என்றால் எண்ணையே போடமாட்டார்கள்.

2005-06இல் இந்த ஆய்வு சுமார் 1.09 லட்சம் வீடுகளுக்குப் போனது. மாநில அளவில் விடை சொல்ல அது போதும். 2015-16இல் 640 மாவட்டங்களுக்கும் தனித்தனியே விடை வேண்டும் என்றார்கள்; வீடுகள் 6 லட்சத்தைத் தாண்டின. காரணம் எளிது. பெரம்பலூரின் மக்கள்தொகை 2011இல் 5.65 லட்சம், கோவையினுடையது 34.58 லட்சம். ஆறு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மாதிரிதான் தேவை. சின்ன மாவட்டம் என்று சலுகை கிடையாது.

ஒரு வயதைத் தாண்டி இரண்டை எட்டாத குழந்தைகளில் எத்தனை பேருக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று பார்க்கிறோம் என்று வையுங்கள். உத்தேசமாக 80 சதவீதம். விடை ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. நூற்றுக்கு 95 தடவை இது பலிக்க வேண்டும். கணக்கு இது:

0.8 × 0.2 × 3.84 ÷ 0.0025 = 246

246 குழந்தைகள். அவர்களை மாவட்டம் முழுக்கச் சிதறலாகப் பிடிக்க முடிந்தால் இவ்வளவு போதும். ஆனால் நடப்பது வேறு: சில கிராமங்களையும் வார்டுகளையும் தேர்ந்தெடுத்து, அங்கேயே அடுத்தடுத்துப் பல வீடுகளில் கேட்கிறார்கள். ஒரே செவிலியர் வந்துபோகும் தெருவில் பத்தாவது குழந்தை புதிதாக எதையும் சொல்லிவிடாது. அதற்காக இரண்டால் பெருக்கினால் 492. அந்த வயதுக் குழந்தை 15 வீட்டுக்கு ஒன்று என்றால் மாவட்டத்துக்கு 7,380 வீடுகள்!

6 லட்சத்தை 640ஆல் வகுத்தால் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 940 வீடுகள்தான். அதே கணக்கில் 60 குழந்தைகளைத்தான் பார்க்க முடியும். அப்போது பிழை வரம்பு 14 புள்ளி. 80 என்று அச்சாவது உண்மையில் 66 ஆகவும் இருக்கலாம், 94 ஆகவும் இருக்கலாம். கழிவறை உள்ள வீடுகள் எத்தனை என்ற கேள்விக்கு 940 வீடுகளும் பதில் தருவதால் அந்த எண்ணை அதைவிடத் தைரியமாக நம்பலாம். ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகள்தான், நம்பகம் ஒன்றல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா மாவட்டத்திலும் சம அளவு மாதிரி எடுத்துவிட்டு, மாநிலத்துக்கு விடை காண அப்படியே சராசரி போட்டால் பெரம்பலூரின் குரல் கோவைக்குச் சமமாகிவிடும். மக்கள்தொகைக்கு ஏற்ற எடை கொடுத்துத்தான் கூட்ட வேண்டும்.

என் அங்கலாய்ப்பு தரவரிசைப் பட்டியல்கள் மேல்தான். ஒரு மாவட்டம் 84, பக்கத்து மாவட்டம் 78 என்றதும் யார் முந்தினார் என்று தலைப்பு போடுகிறோம். தலா 60 குழந்தைகளை வைத்து ஆறு புள்ளி வித்தியாசத்தைப் பிரித்தறிய முடியாது. 78 வந்த மாவட்டத்து அதிகாரியிடம் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.