திரையில் விழும் ஜன்னல்

பகல் பதினொரு மணிக்கு, அணைத்து வைத்த டிவியின் முன்னால் போய் உட்காருங்கள். திரையில் உங்கள் முகமும் பின்னாலிருக்கும் ஜன்னல் கம்பிகளும் தெளிவாகத் தெரிந்தால் அது கிளாசி திரை. கம்பிகள் கலைந்து, வெளுத்த திட்டாகத் தெரிந்தால் மேட் திரை.

பூச்சில்லாத கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் வெயில் நேரத்து ஜன்னலின் பிரகாசம் 3,000 நிட் என்று வைத்துக்கொண்டால், திரையில் விழும் அதன் பிம்பம் 120 நிட். சினிமாவில் வரும் இரவுக் காட்சியின் பெரும்பகுதி 10 நிட்டைக்கூடத் தொடாது. நாயகன் இருட்டில் நடக்கும்போது நமக்கு ஜன்னல்தான் தெரிகிறது. நல்ல கிளாசி திரைகளில் எதிரொளிப்பைத் தணிக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். அது இந்த 4 சதவீதத்தை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தாலும், 20, 30 நிட் மிச்சமிருக்கும்.

மேட் பூச்சு வேலை செய்யும் விதமே வேறு. அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பானது. விழும் ஒளியை அது விழுங்குவதில்லை, நாலா பக்கமும் சிதறடிக்கிறது. ஜன்னல் பிம்பம் காணாமல் போகும், ஆனால் அதன் வெளிச்சம் திரை முழுவதும் பரவிக் கறுப்பைச் சாம்பலாக்கும். சாம்சங் 2024-இல் தன் உயர்ரக ஓஎல்இடி டிவியான எஸ்95டி-க்கு மேட் பூச்சு கொடுத்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது இதனால்தான். விளக்கின் பிம்பம் ஒழிந்ததே என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. ஓஎல்இடியை வாங்குவதே அந்த ஆழ்ந்த கறுப்புக்காகத்தானே என்று மறுதரப்பு வருந்தியது.

என் கணக்கு இது. திரைக்கு நேர் எதிரே ஜன்னலோ கண்ணாடிக் கதவோ இருந்து, டிவியை இடம் மாற்றவும் வழியில்லை என்றால் மேட் வாங்கலாம். வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வருகிறது என்றால் கிளாசியே மேல். அந்த ஜன்னலின் பிம்பம் உங்கள் கண் பக்கம் திரும்பாது, வேறு பக்கம் போய்விடும்.

படம் பார்க்க என்றே இருட்டாக்கிய அறையில் சிதறடிக்க ஒளியே இல்லை. கறுப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அங்கே மேட் பூச்சால் லாபம் எதுவுமில்லை, நுண்ணிய விவரங்கள் சற்று மழுங்கும் நஷ்டம் மட்டும் உண்டு. அதனால் அந்த அறைக்கு நான் கிளாசியைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திரையின் வெளிச்சமே எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வரும். வெள்ளைச் சுவர் என்றால் பிரகாசமான காட்சிகளில் அது திரையில் தெரியும். எதிர்ச்சுவருக்கு மட்டுமாவது பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்ட் அடியுங்கள்.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. திரையை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அதன்மேல் காட்டுங்கள். கூர்மையான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூச்சில்லாத கண்ணாடி. புள்ளி மங்கி, ஊதா அல்லது பச்சைச் சாயலில் தெரிந்தால் எதிரொளிப்பைத் தணிக்கும் பூச்சு உண்டு. புள்ளியே இல்லாமல் பனிமூட்டம்போல விரிந்தால் மேட்.