மூட்டில் போடும் ஊசி: வலி தணியும், தேய்மானம் நிற்காது

பெங்களூரில் வேலை பார்க்கும் 54 வயது குமாஸ்தா ஒருவருக்கு முழங்கால் வீங்கி, பஸ் படி ஏற முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் மூட்டில் தேங்கிய நீரை ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார். நீர் சீழ்போல் கலங்கியிருந்தால் மருந்து செலுத்தமாட்டார். தெளிவாக இருப்பதால், 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்துகிறார். சில நாட்களில் வீக்கம் வடிகிறது.

இம்மருந்து மூட்டின் உட்சவ்விலுள்ள அழற்சியைத் தணிக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை வளர்ப்பதில்லை. எனவே சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி திரும்பக்கூடும். உடனே மறுபடி ஊசி கேட்பதில்தான் ஆபத்து. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 3 மாதத்துக்கு ஒருமுறை 2 ஆண்டுகள் இம்மருந்தைப் பெற்றவர்களுக்கு, உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே மூட்டில் அடுத்த ஊசிக்குக் குறைந்தது 3 மாதம் இடைவெளி விடுவதும், ஆண்டுக்கு 3 அல்லது 4-க்கு மேல் போகாதிருப்பதும் மருத்துவர்களின் பொது வழக்கம்.

குமாஸ்தாவுக்கு நீரிழிவும் இருந்தால், ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அடிக்கடி பரிசோதிப்பது அவசியம். முதல் ஓரிரு நாள் வலி கூடுவது சகஜம். ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். அதன் பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், மூட்டு சிவந்து, காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். இது அபூர்வம். ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மூட்டே கெட்டுவிடும்.